நிகழ்வு ஆய்வு: நான்காம் பத்தியில் புதைந்திருந்த கடைசித் தேதி

பின்னணி

இயந்திரப் பராமரிப்பு செய்யும் ஒரு நிறுவனம். அதன் களப்பணியாளர்கள் 38 பேரும் காலையில் நேராக வாடிக்கையாளர் இடத்துக்குப் போய்விடுவார்கள், அலுவலகத்துக்கு வருவது அபூர்வம். அலுவலகத்திலிருந்து வரும் எல்லா மெயிலையும் போனில்தான் படிப்பார்கள். ஒரு வேலைக்கும் அடுத்ததற்கும் நடுவில், பெரும்பாலும் நின்றுகொண்டே.

பணி நேரத்தையும் பயணச் செலவையும் பதிவுசெய்யும் செயலியை நிறுவனம் மாற்றியது. பழைய செயலி 14-ம் தேதி வியாழக்கிழமை மாலை 6 மணிக்கு நின்றுவிடும். அதில் சேமித்து வைத்து இன்னும் சமர்ப்பிக்காத பதிவுகள் புதிய செயலிக்குப் போகாது. அதனால் களப்பணியாளர் ஒவ்வொருவரும் அந்த நேரத்துக்குள் தங்கள் பதிவுகளைச் சமர்ப்பிக்க வேண்டும். விடுப்பில் இருப்பவர்களுக்காக மேற்பார்வையாளர் சமர்ப்பிப்பார்.

கணக்குப் பிரிவுப் பொறுப்பாளர் இதை 11-ம் தேதி திங்கள்கிழமை காலையில் மெயிலாக அனுப்பினார். 12-ம் தேதி மாலை நிர்வாகப் பக்கத்தில் பார்த்தபோது 38 பேரில் 7 பேர்தான் சமர்ப்பித்திருந்தார்கள். மேற்பார்வையாளர்களைக் கூப்பிட்டுக் கேட்டதில் ஒருவர் சொன்ன பதில் இது: “மெயில் வந்துச்சு மேடம், பார்த்தேன். புது ஆப் வருதுன்னு இருந்துச்சு. பழசு நிக்குதுன்னு அதுல எங்க இருக்கு?”

அந்த மெயிலில் அது இருந்தது. நான்காம் பத்தியில்.

முதலில் போன மெயில்

அலுவலகக் கணினியில் பார்த்தால் குறை சொல்ல முடியாத மெயில்தான். மேலே ‘முக்கிய அறிவிப்பு’ என்று எழுதிய ஒரு படம், அதற்குக் கீழே ஐந்து பத்திகள், ஓர் அட்டவணை, கையொப்பம். பெரிய திரையில் எல்லாம் ஏறக்குறைய ஒரே பார்வைக்குள் அடங்கியது. எழுதியவருக்கு நான்காம் பத்தி எப்போதும் கண்ணெதிரே இருந்தது. தேதி பின்னால் போய்விட்டது என்று அவருக்குத் தோன்ற வழியே இல்லை.

அந்த நான்காம் பத்தி இதுதான்:

“மேற்கண்ட மாற்றத்தின் ஒரு பகுதியாக, பழைய செயலி வரும் வியாழக்கிழமை மாலை 6 மணியுடன் நிறுத்தப்பட உள்ளதால், அதில் சேமிக்கப்பட்டு இன்னும் சமர்ப்பிக்கப்படாமல் உள்ள பதிவுகள் புதிய செயலிக்குத் தானாக மாற்றப்படாது என்பதைக் கருத்தில் கொண்டு, விடுப்பில் இருப்பவர்கள் தவிர மற்ற அனைவரும் அதற்கு முன்னர் தங்கள் பதிவுகளைச் சமர்ப்பித்துவிடுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.”

இது முழுக்க ஒரே வாக்கியம். போன் திரையில் ஒரு வரிக்கு மூன்று நான்கு சொற்கள்தான் நிற்கும். ‘கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ தனியாகவே ஏறக்குறைய ஒரு வரியைப் பிடித்துக்கொள்ளும். ஆக இந்த ஒரு வாக்கியமே பத்து வரிக்கு மேல் போகிறது. தமிழில் வினை கடைசியில் வருவதால், என்ன செய்யச் சொல்கிறார்கள் என்பது அந்தப் பத்து வரியின் அடியில்தான் தெரியும். ‘உள்ளதால்’, ‘கருத்தில் கொண்டு’ என்று துணை வாக்கியங்களைச் சங்கிலியாகக் கோக்கும் அலுவலக நடைக்கும் சின்னத் திரைக்கும் ஒத்துவராததற்குக் காரணம் இதுதான். வாக்கியம் நீள நீள, செய்ய வேண்டிய வேலை கீழே தள்ளிப்போகிறது.

போனில் தெரிந்தது

13-ம் தேதி புதன்கிழமை காலையில், கணக்குப் பிரிவுப் பொறுப்பாளரும் ஆவணப் பிரிவுச் சக ஊழியர் ஒருவரும் களப்பணியாளர் ஒருவரின் போனை வாங்கி, அதே மெயிலைப் பார்த்தார்கள். மெயிலைத் திறப்பதற்கு முன்பே கோளாறு தொடங்கியிருந்தது.

பட்டியலில் தலைப்பு பாதியில் வெட்டுப்பட்டு நின்றது. முழுத் தலைப்பு ‘பணி நேரம் மற்றும் பயணச் செலவுப் பதிவு மென்பொருள் மாற்றம் தொடர்பான முக்கிய அறிவிப்பு’. கண்ணில் பட்டது ‘பணி நேரம் மற்றும் பயணச் செ…’ வரைதான். அதற்குக் கீழே மங்கலாக வரும் முன்னோட்ட வரியில் ‘மதிப்பிற்குரிய அனைவருக்கும் வணக்கம். நமது…’ என்று இருந்தது. படிப்பவர் மெயிலைத் திறக்கலாமா, பிறகு பார்க்கலாமா என்று முடிவெடுக்கும் இடம் இந்த இரண்டு வரிகள். இரண்டிலும் தேதி இல்லை.

திறந்தால் முதல் திரையில் பாதியை அந்த அறிவிப்புப் படமே பிடித்துக்கொண்டது. மீதிப் பாதியில் பழைய செயலியில் என்னென்ன குறைகள் என்ற முதல் பத்தி. இரண்டாம், மூன்றாம் பத்திகள் புதிய செயலியின் வசதிகளைச் சொல்லின. நான்காம் பத்தியை எட்ட இரண்டு முறை முழுதாக மேலே தள்ள வேண்டியிருந்தது. ‘புது ஆப் வருதுன்னு இருந்துச்சு’ என்று மேற்பார்வையாளர் சொன்னது முதல் மூன்று பத்திகளின் சரியான சுருக்கம். அவர் கவனமில்லாமல் படிக்கவில்லை. அவர் கண்ணுக்கு வந்தது அவ்வளவுதான்.

அட்டவணை இன்னொரு தொல்லை. பதிவின் வகை, பழைய இடம், புதிய இடம், கடைசி நாள், பொறுப்பாளர் என்று ஐந்து நெடுவரிசைகள் கொண்டது. அந்தப் போனில் முதல் மூன்றுதான் தெரிந்தன, கடைசி நாள் திரைக்கு வலப்புறம் வெளியே போயிருந்தது. பக்கவாட்டில் இழுத்தால் வரும், ஆனால் அங்கே ஏதோ இருக்கிறது என்று காட்டும் அடையாளம் எதுவும் இல்லை. வேறொரு போனில் திறந்தபோது மெயில் செயலி அட்டவணை முழுவதையும் அகலத்துக்குள் அடக்கப் பார்த்து, மெயிலையே சுருக்கிவிட்டது. எல்லா எழுத்தும் பொடியாகிவிட்டது. ஒரே அட்டவணை இரண்டு போனில் இரண்டு விதமாகக் கெட்டது. அகலம் நிலையாக வைத்த அட்டவணையைப் போனில் படிப்பவர்களுக்கு அனுப்பினால் இந்த இரண்டில் ஒன்று நடக்கும் என்று எதிர்பார்க்கலாம்.

முதல் திருத்தம், அது ஏன் போதவில்லை

முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான். அதே வாசகத்தை வைத்துக்கொண்டு, நீண்ட வாக்கியங்களை உடைத்து, ஒன்றிரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை இடைவெளி விட்டார்கள். ஐந்து பத்தி 17 ஆனது. அனுப்பாமல் இரண்டு மேற்பார்வையாளர்களிடம் மட்டும் காட்டினார்கள்.

படிக்கச் சுலபமாக இருக்கிறது என்று இருவரும் சொன்னார்கள். ஆனால் ‘வியாழக்கிழமை’ இன்னும் கீழே போயிருந்தது, ஏனென்றால் ஒவ்வொரு இடைவெளியும் ஒரு வரியை எடுத்துக்கொள்கிறது. வரிசையை மாற்றாமல் பத்தியை மட்டும் உடைத்தால் மெயில் நீளும், முக்கியமான செய்தி முன்பைவிட ஆழத்துக்குப் போகும்.

இரண்டாவது கோளாறு இதைவிட ஆபத்தானது. மூலத்தில் ‘விடுப்பில் இருப்பவர்கள் தவிர’ என்ற விலக்கு, கட்டளை இருந்த வாக்கியத்துக்குள்ளேயே இருந்தது. உடைத்த வடிவத்தில் ‘அனைவரும் சமர்ப்பிக்க வேண்டும்’ ஒரு பத்தியாகவும், விடுப்புச் செய்தி இரண்டு பத்தி தள்ளி, அடுத்த திரையிலும் விழுந்தது. காட்டிய இருவரில் ஒருவர் கட்டளையைப் படித்த உடனே, விடுப்பில் இருந்த தன் ஆட்களைக் கூப்பிடப் போனை எடுத்துவிட்டார். நீண்ட வாக்கியம் களைப்பாக இருந்தாலும் விதியையும் விலக்கையும் சேர்த்தே வைத்திருந்தது. அதை உடைக்கும்போது, எது எதோடு ஒட்டி இருக்க வேண்டும் என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் திருத்தம்: எடுத்த முடிவுகள்

இந்த முறை பழைய வாசகத்தை ஓரமாக வைத்துவிட்டு, படிப்பவர் கேட்கக்கூடிய கேள்விகளிலிருந்து தொடங்கினார்கள். என்ன செய்ய வேண்டும்? எப்போதுக்குள்? செய்யாவிட்டால் என்ன ஆகும்? எனக்கும் இது பொருந்துமா? இந்த நான்குக்கும் பதில் முதல் திரையில் இருக்க வேண்டும். மற்ற எதற்கும் அங்கே இடம் இல்லை.

அனுப்பிய மெயில் இது:

தலைப்பு: வியாழன் மாலை 6 கடைசி: செலவுப் பதிவு

> வணக்கம்.
>
> பழைய செயலியில் உள்ள உங்கள் பதிவுகளை வியாழன் (14-ம் தேதி) மாலை 6 மணிக்குள் சமர்ப்பியுங்கள். அதற்குப் பிறகு அந்தச் செயலி திறக்காது. சமர்ப்பிக்காத பதிவு புதிய செயலிக்கு வராது.
>
> விடுப்பில் இருந்தால் நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். உங்கள் மேற்பார்வையாளர் உங்களுக்காகச் சமர்ப்பிப்பார்.
>
> செய்யும் முறை: ‘என் பதிவுகள்’ பக்கத்தைத் திறங்கள். மஞ்சள் நிறத்தில் உள்ள ஒவ்வொரு பதிவையும் தொட்டு, ‘சமர்ப்பி’ என்பதை அழுத்துங்கள். பச்சையாக மாறினால் வேலை முடிந்தது.
>
> சந்தேகம் இருந்தால் இந்த மெயிலுக்கே பதில் அனுப்புங்கள், அல்லது கணக்குப் பிரிவைக் கூப்பிடுங்கள்.
>
> திங்கள்கிழமை வந்த நீண்ட மெயிலுக்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ளுங்கள். புதிய செயலியைப் பற்றிய விவரம் வெள்ளிக்கிழமை தனி மெயிலாக வரும்.

தலைப்பில் நாளும் மணியும் முன்னால் வந்ததற்குக் காரணம், எங்கே வெட்டினாலும் அவை தப்பிவிடும் என்பதுதான். ‘வியாழன் மாலை 6 கடைசி’ வரை தெரிந்தாலே படிப்பவர் திறந்து பார்ப்பார். ‘முக்கிய’, ‘அவசர’ போன்ற சொற்களை எடுத்துவிட்டார்கள். அவை இடத்தைப் பிடிக்கின்றனவே தவிர, எது அவசரம் என்று சொல்வதில்லை.

வணக்கம் ஒற்றைச் சொல்லாகச் சுருங்கியது முன்னோட்ட வரிக்காக. அந்த வரி மெயிலின் முதல் சொற்களை அப்படியே எடுத்துக் காட்டும். வணக்கம் சிறியதாக இருந்தால் அடுத்து வரும் ‘பழைய செயலியில் உள்ள உங்கள் பதிவுகளை…’ பட்டியலிலேயே தெரிந்துவிடும். வணக்கத்தையே விட்டுவிடலாமா என்றும் பேச்சு வந்தது. பணியாளர்களில் வயதில் மூத்தவர்கள் பலர் இருப்பதால் வேண்டாம் என்று முடிவானது. சரியான முடிவு. ஒரு சொல் மிச்சம் பிடிக்க மரியாதையைக் குறைக்கத் தேவையில்லை.

விதி ஒரு பத்தி, விலக்கு அதற்கு அடுத்த பத்தி, நடுவில் எதுவும் இல்லை. இரண்டும் ஒரே திரையில் தெரிகின்றனவா என்று பார்த்த பிறகே மற்றதை எழுதினார்கள். பத்திக்கு இரண்டு மூன்று வாக்கியம்தான். போனில் எந்தப் பத்தியும் ஏழெட்டு வரியைத் தாண்டக் கூடாது என்பது அவர்கள் வைத்துக்கொண்ட அளவு. விதி சொல்லும் பத்தியில் மூன்று வாக்கியம் இருந்தாலும் அதை மேலும் உடைக்கவில்லை. தேதியும் விளைவும் பிரிந்தால் இரண்டுமே பலமிழக்கும்.

தடித்த எழுத்து முழு மெயிலுக்கும் ஒரே இடத்தில், தேதிக்கு மட்டும். மூல மெயிலில் தேதி கருநீல நிறத்தில் இருந்தது. போனைக் கறுப்புப் பின்னணியில் வைத்திருப்பவர்களுக்குக் கருநீலம் மங்கிப்போகும். சில மெயில் செயலிகள் நிறத்தை மாற்றித் தரும், சில அப்படியே விட்டுவிடும். தடித்த எழுத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை.

அட்டவணையில் இருந்த மூன்று வரிசைகளில் வியாழக்கிழமைக்குள் முடிய வேண்டியது ஒன்றுதான். அது முதல் பத்தியாகிவிட்டது. மற்ற இரண்டும் மாதக் கடைசிக்கு உரியவை என்பதால் வெள்ளிக்கிழமை மெயிலுக்குத் தள்ளினார்கள். அட்டவணையைச் சின்னத் திரைக்கு எப்படி மாற்றுவது என்ற கேள்விக்குப் பல சமயம் இதுதான் பதில்: இன்று வேண்டிய வரிசையை மட்டும் வாக்கியமாக எழுதினால் போதும். எல்லா வரிசையும் வேண்டும் என்றால், ஒவ்வொன்றையும் வகைப் பெயரில் தொடங்கும் ஒரு சின்னப் பத்தியாக்கலாம்.

செயலியை ஏன் மாற்றுகிறோம் என்ற விளக்கம் முழுவதும் போய்விட்டது. கணக்குப் பிரிவுப் பொறுப்பாளருக்கு இதில் தயக்கம் இருந்தது, காரணம் சொல்லாமல் கட்டளை மட்டும் அனுப்புவது முரட்டுத்தனமாகத் தெரியுமோ என்று. காரணத்தைக் கைவிடவில்லை, வெள்ளிக்கிழமை மெயிலின் தொடக்கத்தில் வைத்தார்கள். அவசரம் முடிந்த பிறகு அதைப் படிக்க ஆட்களுக்கு நேரமும் இருக்கும்.

கடைசி முடிவு, பழைய மெயிலுக்கு மறுமொழியாக அனுப்பாமல் புதிய மெயிலாக அனுப்பியது. மறுமொழியாக அனுப்பினால் பழைய தலைப்பே தொடரும், போனில் இரண்டும் ஒரே உரையாடலாக அடுக்கப்படும். ஏற்கெனவே ‘படித்தாயிற்று’ என்று நினைத்தவர் அதைத் திறக்கவே மாட்டார்.

அனுப்பும் முன் செய்த சோதனை

புதிய வாசகத்தை வேறு கோப்பில் எழுதி மெயிலில் ஒட்டியபோது, எழுத்துரு அளவும் வரி இடைவெளியும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டன. அதனால் வடிவமைப்பு இல்லாமல் ஒட்டும் Ctrl+Shift+V பயன்படுத்தி, தேதிக்கு மட்டும் பிறகு தடித்த எழுத்து வைத்தார்கள். பத்திகளுக்கு நடுவில் வெற்று வரி உண்மையிலேயே இருக்கிறதா என்றும் பார்த்தார்கள். எழுதும் இடத்தில் இடைவெளி போலத் தெரிவது சில சமயம் பத்தி அமைப்பால் வரும் தோற்றம் மட்டும்தான். மறுமுனையில் அது காணாமல் போய், எல்லாப் பத்தியும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும்.

பிறகு அந்த மெயிலைத் தங்களுக்கே அனுப்பி, முதலில் திறக்காமல் பட்டியலில் மட்டும் பார்த்தார்கள். அடுத்து திறந்து, கையால் தள்ளாமல் முதல் திரையில் என்ன தெரிகிறது என்று பார்த்தார்கள். மூன்றாவதாக, போனில் எழுத்து அளவைப் பெரிதாக்கிவிட்டுப் பார்த்தார்கள். களப்பணியாளர்கள் சிலர் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். பெரிய எழுத்தில் செய்யும் முறை இரண்டாம் திரைக்குப் போனது, விதியும் விலக்கும் முதல் திரையிலேயே நின்றன. அது போதும் என்று முடிவு செய்தார்கள்.

கடைசியாக, இந்தச் சங்கதி எதுவும் தெரியாத வேறு பிரிவு ஊழியர் ஒருவரிடம் போனைக் கொடுத்து, சற்று நேரத்தில் திரும்ப வாங்கிக்கொண்டு கேட்டார்கள்: “என்ன செய்யணும்? எப்பக்குள்ள?” இரண்டுக்கும் அவர் சரியாகச் சொன்னார். “செய்யலைன்னா?” என்றபோது, “பழைய கணக்கு போயிடும்போல” என்றார்.

விளைவு

மெயில் புதன்கிழமை 11.30-க்குப் போனது. அன்று இரவுக்குள் 24 பேர் சமர்ப்பித்திருந்தார்கள். வியாழன் மாலை 6 மணிக்கு 35 ஆகியிருந்தது.

இந்த வித்தியாசம் முழுவதையும் மெயிலின் வடிவத்துக்கு வரவு வைக்க முடியாது. செவ்வாய் மாலை மேற்பார்வையாளர்களைக் கூப்பிட்டதில் சிலருக்கு ஏற்கெனவே விஷயம் தெரிந்துவிட்டது. கெடு நெருங்கினாலும் வேகம் வரும். எண்ணிக்கையைவிட, கணக்குப் பிரிவுக்கு வந்த கேள்விகள் மாறியதுதான் தெளிவான சான்று. முதல் மெயிலுக்குப் பிறகு கூப்பிட்டவர்கள் ‘இப்ப நான் ஏதாவது செய்யணுமா?’ என்று கேட்டார்கள். இரண்டாவதற்குப் பிறகு அந்தக் கேள்வி வரவே இல்லை. ‘மஞ்சள்ல எதுவுமே இல்லையே, அப்ப முடிஞ்சுதா?’ என்று பலர் கேட்டார்கள். படித்து, செயலியைத் திறந்து, பார்த்த பிறகு மட்டுமே வரக்கூடிய கேள்வி அது.

விடுபட்ட மூவரில் ஒருவர் பதிவைத் தொட்டு ‘சமர்ப்பி’ அழுத்துவதற்குப் பதில் ‘சேமி’ அழுத்தியிருந்தார். இன்னொருவரின் போனில் அலுவலக மெயில் வந்துசேர்வதே நின்றுபோயிருந்தது. திங்கள்கிழமை மெயிலையும் அவர் பார்த்திருக்கவில்லை. எந்த வடிவத்தில் எழுதினாலும் அவரை எட்டியிருக்காது. மூன்றாமவர் விடுப்பில் இருந்தவர். அவருக்காகச் சமர்ப்பிக்க வேண்டிய மேற்பார்வையாளருக்கு அதை எங்கே போய்ச் செய்வது என்று தெரியவில்லை. மூவரின் பதிவுகளையும் ரசீதுகளை வாங்கிக் கணக்குப் பிரிவே புதிய செயலியில் கையால் ஏற்றியது.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

செய்யும் முறையில் இரண்டு வாக்கியங்கள் கூட வேண்டும்: ‘மஞ்சள் எதுவும் இல்லையென்றால் உங்கள் வேலை ஏற்கெனவே முடிந்தது. “சேமி” அழுத்தினால் போதாது.’ சுருக்கும்போது விடக் கூடாதவை இவை. பத்தி சில வரிகள் நீண்டாலும் பரவாயில்லை, அது இரண்டாம் திரைக்குப் போகக்கூடிய பத்திதான்.

மேற்பார்வையாளர்களுக்குத் தனி மெயில் போயிருக்க வேண்டும். ‘உங்கள் மேற்பார்வையாளர் சமர்ப்பிப்பார்’ என்பது களப்பணியாளருக்கு நிம்மதி தரும் செய்தி, மேற்பார்வையாளருக்கு ஒரு வேலை. ஒரே மெயிலில் இரண்டு வகை ஆட்களுக்கு இரண்டு வேலை சொன்னால், ஒருவருடைய முதல் திரை மற்றவருக்குப் பயன்படாது. அவர்களுடைய மெயில் ‘விடுப்பில் உள்ள உங்கள் ஆட்களின் பதிவுகளை வியாழன் மாலை 6 மணிக்குள் நீங்கள் சமர்ப்பியுங்கள்’ என்று தொடங்கி, அதற்கான பக்கத்தின் பெயரை அடுத்த பத்தியிலேயே சொல்ல வேண்டும்.

இந்த முறையை எல்லா மெயிலுக்கும் பொருத்தக் கூடாது. ஒப்பந்த நிபந்தனைகள், ஒழுங்கு நடவடிக்கைக் கடிதங்கள் போன்றவற்றில் ஒவ்வொரு நிபந்தனையும் முழுதாக இருக்க வேண்டும். அவற்றை இணைப்பாக வைத்து, மெயிலின் உடலில் என்ன இணைத்திருக்கிறோம், எப்போதுக்குள் பதில் வேண்டும் என்று மட்டும் எழுதுவது நல்லது.

மெயில் வந்துசேராதவருக்கு இந்த ஆய்வில் தீர்வு கிடைக்கவில்லை. கெடு உள்ள மெயில் போன மறுநாள் காலை நிர்வாகப் பக்கத்தைப் பார்த்து, எதுவும் செய்யாதவர்களை மேற்பார்வையாளர் நேரடியாகக் கூப்பிடுவது என்று இப்போதைக்கு ஏற்பாடாகியிருக்கிறது.